சுவரில் நான்கு கூடுகள்: எதை விடலாம், எதை எடுக்கலாம்?

திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர், தன் வீட்டுப் பின்சுவரைப் படம் எடுத்து அனுப்பி, இப்படிக் கேட்டிருக்கிறார்:

"ஐயா, எங்கள் ஓட்டு வீட்டின் பின்சுவரில் நான்கு இடத்தில் கூடு கட்டியிருக்கிறது. செங்கல் இடுக்கில் கறுப்பாக ஏராளமாக மொய்க்கிறதே, அதுதான் பயமாக இருக்கிறது. பேத்தி அந்தச் சுவர் ஓரம்தான் விளையாடுவாள். அடுத்த வாரம் கொத்தனார் சுவர் பூச வருகிறார். அதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றி எல்லாவற்றையும் கொளுத்திவிடலாமா, அல்லது மருந்து அடிக்கலாமா?"

இரண்டும் வேண்டாம் அம்மா. உங்கள் படத்தில் இருப்பவை நான்கு வேறு வேறு பூச்சிகளின் கூடுகள். நீங்கள் மிகவும் பயப்படும் அந்தக் கறுப்புக் கூட்டத்துக்குக் கொட்டவே தெரியாது. பெரிதாக நினைக்காமல் விட்டிருக்கிற, இறவாரத்தின் கீழே தொங்கும் சாம்பல் நிறக் கூட்டைத்தான் கொத்தனார் வருவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். இந்தக் கேள்வி மழைக்குப் பின்னும் கோடையிலும் பல ஊர்களிலிருந்து வருவதால், உங்கள் படத்தையே வைத்துக்கொண்டு எல்லோருக்குமாகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கூடு எதனால் ஆனது என்று பாருங்கள்

பூச்சியைப் பார்த்து அடையாளம் சொல்வது கடினம். அது பறந்துகொண்டே இருக்கும், கிட்டப் போனால் கொட்டவும் செய்யும். கூடு அசையாது. தூரத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பார்த்தால் போதும். மண்ணால் ஆனதா, காகிதம் போல இருக்கிறதா, மெழுகா, பிசினா என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

உங்கள் படத்தில் வலது மூலையில், ஓட்டுச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில், யாரோ கைப்பிடி மண்ணை அப்பியது போல இருக்கிறதே, அது மண்குளவியின் கூடு. ஈர மண்ணை வாயில் உருட்டிக் கொண்டுவந்து, ஒரே ஒரு பெண் குளவி தனியாகக் கட்டுவது. உள்ளே அறை அறையாக இருக்கும். சிலந்திகளைக் கொட்டி மயக்கி அந்த அறைகளில் அடைத்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். புழு பொரித்து வந்து அந்தச் சிலந்திகளைத் தின்று வளரும். நம் ஊர்ச் சுவர்களில் சாதாரணமாகக் கட்டும் ஒரு மண்குளவிக்கு அறிவியல் பெயரே 'ஸ்கெலிஃப்ரான் மெட்ராஸ்பட்டானம்' என்பது. மதராஸபட்டணத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிற பூச்சி அது. பானை வடிவில் சின்னதாகக் கட்டும் இன்னொரு வகை, சிலந்திக்குப் பதிலாகப் பச்சைப் புழுக்களைப் பிடித்து அடைக்கும். அது நமக்கு இன்னும் நல்லது.

மண்குளவி தன் கூட்டைக் காவல் காப்பதில்லை. கூட்டமும் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் தவிர அது யாரையும் கொட்டுவது அரிது. மண் கூட்டில் பட்டாணி அளவு ஓட்டைகள் தெரிந்தால், குஞ்சுகள் வெளியேறிவிட்டன, கூடு காலி என்று அர்த்தம். பூசும்போது அதைக் கரண்டியால் சுரண்டிவிடலாம். ஓட்டை இல்லாமல் இருந்தாலும், பூச்சு வேலைக்குத் தடையாக இருந்தால் எடுத்துவிடலாம், ஆபத்தில்லை. தடையில்லாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கொட்டத் தெரியாத கூட்டம்

இப்போது செங்கல் இடுக்குக்கு வருவோம். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், காரை உதிர்ந்த இடத்தில், கறுப்பும் பழுப்புமாக ஒரு சிறு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயில் எள்ளைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பூச்சிகள் மொய்க்கின்றன. இவை கொசுத் தேனீக்கள். கொடுக்கில்லாத் தேனீ என்றும் சொல்வோம். மரப்பிசினையும் மெழுகையும் மண்ணையும் கலந்து அவை கட்டும் வாசல்தான் அந்தக் குழாய். தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும். வேறு எந்தப் பூச்சியும் நம் சுவரில் இப்படி ஒரு பிசின் குழாயைக் கட்டாது. எனவே இந்தக் குழாயைக் கண்டால் சந்தேகமே வேண்டாம்.

இவற்றின் கொடுக்கு மிகவும் சிறுத்துப்போய், கொட்டுவதற்குப் பயன்படாத உறுப்பாகிவிட்டது. குழாயைக் கலைத்தால் தலைமுடியில் வந்து சிக்கிக்கொள்ளும், காதிலும் மூக்கிலும் நுழையப் பார்க்கும், தோலை மெல்லக் கடிக்கும். தொல்லைதானே தவிர விஷம் இல்லை. குழந்தை பக்கத்தில் விளையாடலாம். குழாயைக் குச்சியால் குத்தாதே என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

"சுவரை அரித்துவிடுமா?" என்றும் பலர் கேட்கிறார்கள். அரிக்காது. ஏற்கெனவே இருக்கிற பொந்தில்தான் குடியேறும். செங்கல்லையோ காரையையோ தோண்டுகிற பலம் அதன் வாய்க்கு இல்லை.

இவற்றை விட்டுவைக்கச் சொல்வதற்குத் திண்டிவனம், மரக்காணம் பக்கத்து விவசாயிகளுக்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அது தர்பூசணி. தர்பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ ஒரே ஒரு காலைப் பொழுதுதான் விரிந்திருக்கும், மதியத்துக்கு மேல் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து, ஆண் பூவின் மகரந்தத்தை, அதன் சூல்முடியின் எல்லாப் பக்கத்திலும் படும்படி பல முறை கொண்டுவந்து போட வேண்டும். ஒரு தடவை வந்து போனால் போதாது. மகரந்தம் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கம் மட்டும் விதை பிடித்து, காய் கோணலாக, ஒரு முனை சூம்பிப்போய் வரும். அதைப் பார்த்துவிட்டு உரக் குறை என்று நினைத்து மேலும் உரம் போடுகிறவர்கள் உண்டு. மார்கழி, தையில் விதைத்து, ஒன்றரை மாதத்தில் பூக்கும் பயிருக்கு, அந்த நேரத்தில் வீட்டுச் சுவரில் ஒரு கொசுத் தேனீக் கூட்டம் இருப்பது கூலி கேட்காத வேலையாட்கள் இருப்பது போல. இவை ஏறத்தாழ சில நூறு மீட்டர் தூரத்துக்குள்தான் மேயும். ஆகவே வீட்டை ஒட்டிய நிலத்துக்குத்தான் முழுப் பலன்.

சரி, சுவர் பூச வேண்டுமே? குழாயின் மேல் சிமெண்டைப் பூசி அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிற அத்தனையும் செத்துப்போகும், தேனும் கெட்டு எறும்பு சேரும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். அரை அங்குல பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில், பூச்சின் கனத்தைவிட அரை அங்குலம் நீளமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பூசுவதற்கு முந்தின நாள் மாலை, பூச்சிகள் உள்ளே அடைந்த பிறகு, பிசின் குழாயை மெதுவாக அடியோடு உடைத்தெடுத்து, அந்த ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் துண்டை நேராக வைத்துச் சுற்றிலும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். உடைத்தெடுத்த பிசினைத் துண்டின் வெளிவாயில் தடவுங்கள். காலையில் அந்த வாசனையை வைத்துத்தான் அவை தம் வாசலை அடையாளம் கண்டுகொள்ளும். கொத்தனார் துண்டைச் சுற்றிப் பூசிவிட்டுப் போகட்டும், வாய் மட்டும் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கொஞ்சம் குழம்பிச் சுற்றும். சில நாளில் பிளாஸ்டிக்கின் முனையிலேயே புதிய பிசின் வாசல் கட்டத் தொடங்குவதைப் பார்க்கலாம். அதுவே கூட்டம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

சுவரையே இடிக்கப் போகிறவர்கள் கூட்டைப் பெட்டிக்கு மாற்றலாம். கேரளத்தில் பரவலாகச் செய்யும் முறை இது. சிறிய மரப்பெட்டி அல்லது மண்சட்டியில் முன்னும் பின்னும் ஓட்டை போட்டு, சுவரின் வாசலையும் பெட்டியின் பின் ஓட்டையையும் ஒரு குழாயால் இணைத்து, காற்றுப் புகாமல் அடைப்பார்கள். பூச்சிகளுக்கு வெளியே போக வேறு வழி இருக்காது, பெட்டிக்குள் புகுந்துதான் போய்வர வேண்டும். மெல்ல மெல்லப் பெட்டியிலேயே கட்டத் தொடங்கும். ஆனால் இது மாதக்கணக்கில் ஆகும் வேலை. ராணி வராமலே போவதும் உண்டு. கொத்தனார் அடுத்த வாரம் வருகிற வீட்டுக்கு இது ஒத்துவராது. தேனுக்காக மட்டும் இந்தச் சிரமத்தை எடுக்கவும் வேண்டாம். ஒரு கூட்டில் ஆண்டுக்கு அரைக் கிலோ கிடைத்தாலே அதிகம்.

எலுமிச்சைக் கிளையில் தொங்குவது

சுவரில் சாய்ந்திருக்கும் எலுமிச்சைக் கிளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒரே ஓர் அடை தொங்குகிறது. அடை முழுவதையும் தேனீக்கள் போர்வை போல மூடியிருக்கின்றன. இது கொம்புத் தேனீ. மெழுகு அடை. கிளையைச் சுற்றி மேலே தடிப்பாக இருக்கிற பகுதியில் தேன், கீழே புழு. இதற்குக் கொடுக்கு உண்டு, கொட்டவும் செய்யும். ஆனால் அமைதியான தேனீ. கிளையை ஆட்டாமல், அடையின் மீது ஊதாமல் இருந்தால் தன் வேலையைப் பார்க்கும். எள், தர்பூசணி, முருங்கை என்று நம் பக்கத்துப் பயிர்கள் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

இதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. பூச்சு வேலைக்கு இடைஞ்சல் என்றால், இருட்டிய பிறகு கிளையில் அடையிலிருந்து தள்ளி ஒரு கயிற்றைக் கட்டி, குலுக்காமல் மெதுவாகச் சுவரிலிருந்து மூன்று நான்கடி விலக்கி இழுத்துக் கட்டுங்கள். அந்தப் பக்கச் சுவரைக் கடைசியில் பூசச் சொல்லுங்கள். தொந்தரவு அதிகமானால் அது அடையை விட்டுவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும், பிடித்து வைக்க முடியாது. பெட்டியில் வளர்க்கும் தேனீயும் இது இல்லை. பெட்டியில் வளர்ப்பது பொந்துக்குள் பல அடைகளை வரிசையாகக் கட்டும் அடுக்குத் தேனீ. அது உங்கள் படத்தில் இல்லை.

அடுக்குத் தேனீ சுவர்ப் பொந்தில் இருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை: வாசலை அடைக்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். உள்ளே செத்தால் அடை உருகித் தேன் சுவருக்குள் வழியும், உயிரோடு இருப்பவை வேறு இடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். தேனீப் பெட்டி வைத்திருப்பவரிடம் சொன்னால் அவரே ஆசையாக வந்து எடுத்துப் போவார். திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் யாரை அணுகலாம் என்று சொல்வார்கள்.

எடுக்க வேண்டியது இதுதான்

இறவாரத்தின் கீழ், துணி துவைக்கும் கல்லுக்கு நேர் மேலே, ஏழடி உயரத்தில் தொங்குகிறதே, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறம். கீழ்நோக்கித் திறந்த அறுகோண அறைகள். முழு அடையும் ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. பட்ட மரத்தின் நாரைச் சுரண்டி மென்று எச்சிலோடு குழைத்துக் கட்டிய காகிதக் கூடு அது. அதன் மேல் ஒல்லியான இடுப்போடு செம்பழுப்புக் குளவிகள், எண்ணினால் இருபது வரை இருக்கின்றன. தேனீயின் அடை இப்படி வெறுமையாகத் தெரியாது, தேனீக்களால் மூடியிருக்கும். அறைகளுக்குள் எட்டிப் பார்க்க முடிகிறது என்றாலே அது குளவி.

குளவி கெட்ட பூச்சி இல்லை. நம் வயலில் புழுக்களைப் பொறுக்கிக் கொண்டுபோய்த் தன் குஞ்சுக்கு ஊட்டுகிற பூச்சி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராகவேந்திர கடக்கர், இந்த இனத்துக் குளவிகளின் குடும்ப வாழ்க்கையைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார். மாட்டுக் கொட்டகையின் பின்புறமோ, ஆள் போகாத மரத்திலோ இந்தக் கூடு இருந்திருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பேன். இங்கே இடம்தான் சிக்கல். கீழே பேத்தி விளையாடுகிறாள், கொத்தனார் சாரம் கட்டி, கூட்டிலிருந்து ஒரு முழத்தில் முகத்தை வைத்து வேலை செய்யப் போகிறார். சாரக் கம்பு இடித்த மறு நொடியே குளவிகள் முகத்துக்குத்தான் வரும். தேனீ ஒரு முறை கொட்டினால் கொடுக்கு நம் தோலில் மாட்டிக்கொள்ளும், தேனீயும் செத்துப்போகும். குளவியின் கொடுக்கு மாட்டிக்கொள்வதில்லை. ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். ஏணியில் நிற்கிறவர் கொட்டு வலியில் விழுந்து கை காலை உடைத்துக்கொள்வது, கொட்டைவிடப் பெரிய ஆபத்து.

எடுக்கும் முறை இது. இரவு எட்டு மணிக்கு மேல், எல்லாம் கூட்டில் அடங்கிய பிறகு செய்யுங்கள். முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கையுறை, தலையோடு முகத்தையும் மூடிய கொசுவலைத் துணி, இவை இல்லாமல் போக வேண்டாம். டார்ச் விளக்கின் வாயில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். பூச்சிகளுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. வெள்ளை ஒளியை நோக்கி நேராகப் பறந்து வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று தேக்கரண்டி கலந்து, கைத்தெளிப்பானில் ஊற்றி, தரையில் நின்றபடியே கூடு முழுவதும் நனையும்படி விடாமல் தெளியுங்கள். சோப்பு நீர் பட்ட குளவி பறக்க முடியாமல் விழுந்துவிடும். பத்து நிமிடம் விலகி நின்று, பிறகு நீளக் கம்பால் காம்பைச் சுரண்டி அடையைக் கீழே தள்ளி, மண்ணில் புதையுங்கள். காம்பு ஒட்டியிருந்த இடத்தையும் சோப்பு நீரால் நன்கு தேய்த்துவிடுங்கள். அன்றிரவு வெளியே தங்கிவிட்ட ஒன்றிரண்டு குளவிகள் அடுத்த இரண்டு மூன்று நாள் அதே இடத்தைச் சுற்றும். அதுவரை குழந்தையை அங்கே விட வேண்டாம். கூட்டில் இதைவிட அதிகமாகக் குளவி இருந்தாலோ, ஏணி வைத்தால்தான் எட்டும் என்றாலோ, வீட்டில் யாருக்காவது முன்பு குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்திருந்தாலோ நீங்கள் எடுக்கக் கூடாது.

மண்ணெண்ணெய்ப் பந்தத்தை மறந்துவிடுங்கள். ஓட்டுச் சட்டம் காய்ந்த மரம். பயிருக்கு அடிக்கும் மருந்தையும் துவைக்கிற கல்லுக்கு மேலே அடிக்காதீர்கள்.

படத்தில் இல்லாத ஒன்று

நல்ல வேளையாகக் கதண்டு உங்கள் சுவரில் இல்லை. ஆனால் அது வருவதற்கு வழி இருக்கிறது. கதண்டில் ஒரு வகை, இந்தக் காகிதக் குளவிக் கூடுகளைத் தேடி வந்து புழுக்களைப் பிடுங்கித் தின்னும். கட்டை விரல் நுனி அளவுக்குப் பருத்த, கறுப்பு உடலில் ஆரஞ்சுப் பட்டை போட்ட பூச்சி குளவிக் கூட்டில் வந்து உட்கார்ந்தால், அதன் கூடு அக்கம்பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பனையின் மட்டை இடுக்கு, பாழடைந்த சுவர்ப் பொந்து, வரப்பு மண்ணில் இருக்கும் குழி ஆகியவற்றைத் தூரத்திலிருந்து கவனியுங்கள். வெளியே தெரியும் கதண்டுக் கூடு, அறைகள் தெரியாமல், வரிவரியான பழுப்புக் காகித உறையால் மூடிய பானை போல இருக்கும், ஒரே ஒரு வாசலோடு. இதில் யாரும் கை வைக்கக் கூடாது, கல்லெறியவும் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு 101 எண்ணில் சொல்லுங்கள், வந்து அழிப்பார்கள். தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ உயர்ந்த மரத்திலோ முறம் போலத் தொங்கும் மலைத் தேனீ அடைக்கும் இதே எச்சரிக்கைதான். ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் அது பருவம் முடிந்து தானே கிளம்பிவிடும். பள்ளிக்கூடம், நடைபாதை என்றால் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கொட்டிவிட்டால், தேனீயின் கொடுக்கு தோலில் இருக்கிறதா என்று பார்த்து, நகத்தால் உடனே சுரண்டி எறியுங்கள். அதில் விஷப்பை ஒட்டியிருக்கும். நேரம் போகப் போக அதிக விஷம் உள்ளே இறங்கும். சோப்பால் கழுவி ஈரத்துணி ஒற்றுங்கள். சுண்ணாம்பு தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஒரே கொட்டுதான் என்றாலும், உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சுத் திணறுவது, வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தால், குறிப்பாகக் குழந்தைகளையும் முதியவர்களையும், ஆள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கதண்டு பல கொட்டியவருக்கு இரண்டொரு நாள் கழித்துச் சிறுநீர் குறைந்து, கறுத்துப் போவது உண்டு. அது சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அடையாளம்.

இனிப் படம் அனுப்பும் வாசகர்கள், தூரத்தில் நின்று முழுச் சுவரும் தெரிய ஒரு படமும், அதே இடத்திலிருந்து கூட்டை மட்டும் பெரிதாக்கி ஒரு படமும் அனுப்புங்கள். கூட்டின் அருகே போய் அளவு காட்ட வேண்டாம், பக்கத்தில் ஒரு செங்கல்லோ ஜன்னல் கம்பியோ படத்தில் தெரிந்தால் அளவு எங்களுக்குப் புரிந்துவிடும். தரையிலிருந்து எத்தனை அடி, கீழே ஆள் புழக்கம் உண்டா என்ற இரண்டையும் எழுதுங்கள். இரவில் பளிச்சென்று விளக்கு அடித்துப் படம் எடுக்காதீர்கள்.